கை கழுவலும் சீருடையும்: சமையற்கட்டு ஊழியர் அனைவருக்கும் புதிய விதிகள், கோளாறு வாரியாக

ஆவணியின் முதல் முகூர்த்தத்திலிருந்து காரைக்குடிச் சமையற்கூடத்திலும், நாம் பந்தி எடுக்கும் வெளியூர் வீடுகளிலும் கீழே உள்ள விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. மாஸ்டர், சரக்கு மாஸ்டர், காய் வெட்டும் அக்காக்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், பரிமாறுகிறவர்கள், அன்றைக்கு மட்டும் வரும் நாள்கூலி ஆட்கள் என எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது.

1. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கைபடும் எந்தப் பண்டத்தையும் தொடும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறை, பச்சைக் கறி, முட்டை, குப்பை, ரூபாய் நோட்டு, செல்போன், மூக்கு, தலைமுடி இவற்றைத் தொட்ட பிறகும் அப்படியே.

2. தோள் துண்டும் இடுப்புத் துண்டும் சமையற்கட்டுக்குள் கிடையாது.

3. மோதிரம், கைக்கடிகாரம், வளையல், மணிக்கட்டுக் கயிறு எதுவும் முழங்கைக்குக் கீழே இருக்கக் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

4. சீருடையை இங்கே வந்துதான் மாற்ற வேண்டும். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரக் கூடாது. கழிப்பறைக்குப் போகும் முன் ஏப்ரனைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்ட வேண்டும்.

5. வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை, கையில் சீழ்ப் புண் இருந்தால் சொல்லிவிட வேண்டும். அதற்காகக் கூலி பிடிக்கப்படாது.

விதியை மட்டும் ஒட்டி வைத்தால் சுவரில் கிடக்கும். அதனால் என்ன கோளாறு கண்ணில் பட்டால் எங்கே தேட வேண்டும், எதைச் சரி செய்ய வேண்டும் என்று கீழே தனித்தனியாக எழுதியிருக்கிறோம். உங்கள் இடத்தில் தெரியும் கோளாறுக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். முதலாவதை மட்டும் எல்லாரும் படித்தாக வேண்டும்.

கோளாறு: மதியம் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி

"அடுப்பில் கொதித்த சாப்பாடு, அதில் எப்படிக் கிருமி இருக்கும்?" என்பதுதான் சமையற்கட்டில் முதலில் வரும் பதில். பாதி சரியான பதில் அது. கொதிக்கிற குழம்பில் கிருமி சாகும். ஆனால் செட்டிநாட்டு விருந்தில் எத்தனையோ பண்டங்கள் இறக்கிய பிறகு கையைப் பார்க்கின்றன. கவுனி அரிசியில் தேங்காய்ப்பூ கலப்பது, ஆறிய இடியாப்பத்தைப் பிரித்து அடுக்குவது, பால் பணியாரத்தைத் தேங்காய்ப் பாலில் போடுவது, தயிர்ப் பச்சடி கலப்பது, இலையில் அப்பளம் வைப்பது எல்லாம் அந்த வகை. இவற்றில் எதுவும் மறுபடி அடுப்பில் ஏறுவதில்லை. கையில் இருந்தது எதுவோ அதுவே இலைக்குப் போகிறது.

இவ்வளவு சீக்கிரம் வாந்தி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை. நல்ல உடம்போடு இருப்பவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அது குடியிருக்கிறது. கைவெடிப்பு, கொப்புளம், நகச்சுற்று இவற்றில் ஏராளமாக இருக்கும். உணவில் விழுந்து பெருகும்போது அது ஒரு நஞ்சைக் கக்குகிறது. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்: மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் தாங்கும். ருசி, வாசனை, நிறம் எதுவும் மாறாது. ஆகவே "ருசி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பது சாட்சியம் ஆகாது. "சூடு பண்ணிக் கொடுத்துவிடலாம்" என்பதும் தீர்வு ஆகாது.

ஒரு கல்யாண வேளையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவுனி அரிசி இரவே ஊறிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு வேகப் போட்டு, ஐந்தரைக்குத் தாம்பாளங்களில் பரப்பி ஆற விட்டார்கள். ஆறரைக்கு ஒருவர் தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் நெய்யையும் போட்டு இரண்டு கையாலும் பிசறினார். அவர் அதற்குச் சற்று முன்தான் வியர்வையைத் துடைக்கத் துண்டை மூக்கில் வைத்தவர். வலது கட்டைவிரலில் அரிவாள்மனை கீறிய பழைய காயமும் இருக்கிறது. கலந்ததை அண்டாவில் அமுக்கி மூடி வைத்தார்கள். பந்தி பன்னிரண்டரைக்கு. இடையில் ஆறு மணி நேரம், இந்தச் சீமையின் வெயில் காலச் சூட்டில்.

கிராமுக்கு 100 கிருமி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் ஆறு மணி நேரத்தில் 12 முறை இரட்டிக்கும். 100 என்பது 4 லட்சத்தைத் தாண்டிவிடும். கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலே ஆளைக் கவிழ்க்கும் அளவுக்கு நஞ்சு சேரத் தொடங்கிவிடும். சர்க்கரை இருப்பதால் வேகம் குறையலாம். ஆனால் உப்பையும் சர்க்கரையையும் மற்றக் கிருமிகளைவிட அதிகமாகத் தாங்கும் கிருமி இது. இனிப்புப் பண்டம் கெடாது என்ற நம்பிக்கை இதனிடம் பலிக்காது.

இதைத் தடுக்க இனி கவுனி அரிசி இப்படித்தான்: சர்க்கரையையும் நெய்யையும் அரிசி அடுப்பில் இருக்கும்போதே, நீளக் காம்புள்ள கரண்டியால் கலக்க வேண்டும். தேங்காய்ப்பூவைத் தனியாக நெய்யில் ஈரம் போக வதக்கி, பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு சேர்க்க வேண்டும். தாம்பாளத்தில் பரப்பி ஆற விடும் பழக்கத்தை விட்டு, 60 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும்படி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அண்டாவை இறக்கி வைக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. கையை வைத்துச் "சூடாத்தான் இருக்கு" என்று சொல்ல வேண்டாம். நமக்குக் கை சுடுவது 60-க்கு வெகு முன்பே. பச்சடியும் பால் பணியாரமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்கக் கூடாது. முதல் பந்திக்கு ஒரு கலவை, மூன்றாம் பந்திக்கு இன்னொரு கலவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லா வாந்தி பேதியும் கையின் குற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேரத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். வாந்தி அதிகம் இல்லாமல் எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்று முறுக்கலும் பேதியும் வந்தால், பெரிய அண்டாவில் மெதுவாக ஆறிய கறிக் குழம்பைத் தேடுங்கள். அது ஆற வைக்கும் முறையின் கோளாறு, கை கழுவி மட்டும் தீராது. ஒரு நாள் கழித்து வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்து, விருந்துக்கே வராத வீட்டாருக்கும் தொற்றினால் நோரோ வைரஸாக இருக்கலாம். அது பெரும்பாலும் பேதியோடு வேலைக்கு வந்த ஒருவர் கையிலிருந்து வருகிறது. ஆல்கஹால் கைத்திரவம் அதை நம்பும்படி கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. சோறு வடித்து வெளியே கிடந்தாலும் சில மணி நேரத்தில் வாந்தி வரும், அது சோற்றிலேயே இருக்கும் வேறு கிருமி. அறிகுறியை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே புகார் வந்ததும் செய்ய வேண்டியது: மிச்சத்தைக் கொட்டக் கூடாது. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கைப்பிடி அளவு சுத்தமான டப்பாவில் போட்டு, பெயரும் நேரமும் எழுதி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நோயாளிகளிடம் கேட்பதோடு நிற்காமல், சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களிடமும் "எதைத் தொடவே இல்லை?" என்று கேளுங்கள். எல்லாரும் தின்ற சோற்றை விட்டுவிட்டு, வாந்தி எடுத்தவர்கள் மட்டும் தின்ற பண்டத்தைத் தேட அது உதவும். இனிப்பே தொடாத சர்க்கரைக்கார ஆச்சிமார்கள் நன்றாக இருந்தால், கவுனி அரிசியிலிருந்து தொடங்கலாம்.

கோளாறு: கழுவிய கை சுத்தமாக இல்லை

நன்றாகக் கழுவினேன் என்று சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவர் கழுவியது உள்ளங்கையை. விடுபடுவது எப்போதும் ஒரே இடங்கள்தான்: கட்டைவிரல், விரல் நுனி, நகத்துக்கு அடி, விரல் இடுக்கு. பண்டத்தைத் தொடுவதோ அந்த விரல் நுனி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கால் கரண்டி மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரண்டு கையிலும் முழுக்கத் தடவிக்கொண்டு, வழக்கம்போலக் கழுவுங்கள். பிறகு இருட்டான சரக்கு அறையில், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் அடியில் கையைக் காட்டுங்கள். மஞ்சள் அந்த வெளிச்சத்தில் மின்னும். தோலில் ஊறிய மெல்லிய மஞ்சள் கை முழுதும் லேசாகத் தெரியும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடர்த்தியாக மின்னும் திட்டுகள்தான் சோப்புப் படாத இடம். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர் எல்லாருக்கும் முதல் நாளே இந்தச் சோதனை உண்டு.

கழுவும் முறை: கையை நனை. சோப்பை இரண்டு அமுக்கு எடு. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு தேய். ஒவ்வொரு கட்டைவிரலையும் மறு கையால் பிடித்துத் திருகு. விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் சுரண்டு. மணிக்கட்டு வரை போ. தேய்ப்பது மட்டும் 20 எண்ணும் வரை, நிதானமாக. வேகமாக எண்ணினால் 8 நொடியில் 20 வந்துவிடும், அது எண்ணிக்கையே இல்லை. பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, காகிதத்தால் ஒற்றி, அதே காகிதத்தால் குழாயை மூடு. தண்ணீர் சூடாக இருக்கத் தேவையில்லை. கிருமியைக் கொல்லும் சூட்டில் கை வெந்துவிடும்.

கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பிறகு தண்ணீர் விடுங்கள். பிசுக்கு மேல் ஆல்கஹால் திரவத்தைத் தடவுவது வீண், அது உள்ளே போகவே போகாது. மஞ்சள் கறை அழுக்கு இல்லை. அதைப் போக்க ப்ளீச்சிங் பவுடரை வைத்துத் தேய்க்காதீர்கள். கறையோடு உள்ள சுத்தமான கை, ப்ளீச்சிங்கால் வெடித்த வெள்ளைக் கையைவிட நல்லது.

கோளாறு: சோப்பு தீரவே மாட்டேன் என்கிறது

மேற்பார்வையாளர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. யார் கழுவினார், யார் கழுவவில்லை என்று நின்று பார்க்க முடியாது. சோப்பு டப்பா பார்த்துச் சொல்லிவிடும்.

14 பேர் வேலை செய்யும் நாளில், ஒருவர் 10 தடவையாவது கழுவ வேண்டிவரும். தடவைக்கு 2 மில்லி என்றால் நாளொன்றுக்கு 280 மில்லி. 5 லிட்டர் கேன் ஏறத்தாழ 18 வேலை நாட்களில் தீர வேண்டும். அதே கேன் 40 நாள் தாங்கினால், பாதிக்கு மேற்பட்ட கழுவல் நடக்கவில்லை என்று பொருள். ஒரு வாரத்தில் தீர்ந்தால் யாரோ அதில் பாத்திரம் தேய்க்கிறார்கள். நம் டப்பா ஓர் அமுக்குக்கு எவ்வளவு தருகிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள்: 10 அமுக்கை அளவுக் குவளையில் பிடித்துப் பத்தால் வகுத்தால் போதும்.

சோப்பு செலவாகாததற்குக் காரணம் சோம்பல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் குழாய் தூரம். பழைய வீடுகளில் சமையல் நடப்பது பின்கட்டில், தண்ணீர்க் குழாயோ கொல்லைப் பக்கம். கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யாரும் நடக்க மாட்டார்கள், நடக்கவும் கூடாது. அதனால் வெளியூர் வேலைக்குப் போகும் வண்டியில் அண்டா ஏறுவதற்கு முன் கை கழுவும் சாமான் ஏற வேண்டும்: அடியில் குழாய் வைத்த 50 லிட்டர் டிரம் மூன்று, இடுப்பு உயர முக்காலி, கழிவுக்கு வாளி, சோப்பு டப்பா, காகிதச் சுருள், மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி. ஒரு கழுவலுக்கு ஒரு லிட்டர் வீதம் 14 பேருக்கு 140 லிட்டர் ஆகும். ஒரு டிரம் அடுப்புக்குப் பக்கம், ஒன்று கறி வெட்டும் இடத்தில், ஒன்று கழிப்பறைக்கு வெளியே. டிரம்மில் குவளையை முக்கி மொண்டு கழுவுவது தடை. முதல் ஆளின் கையழுக்கு குவளையோடு உள்ளே போய்விட்டால், அடுத்தவர் எல்லாரும் அதில்தான் கழுவுகிறார்கள்.

சோப்பு மீதியிருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்பாதீர்கள். அடியில் தங்கும் பழைய சோப்பில் தண்ணீர் கலந்தால் அதிலேயே கிருமி வளரும். டப்பா காலியானதும் கழுவிக் காய வைத்து நிரப்ப வேண்டும். குழைந்து சேறாகக் கிடக்கும் கட்டிச் சோப்புக்கு இனி இடமில்லை.

கோளாறு: துண்டு

இதைக் கோளாறு என்று சொன்னால் மூத்த மாஸ்டர்களுக்குக் கோபம் வரும். தோளில் துண்டு இல்லாமல் அடுப்படியில் நிற்பது அவர்களுக்குச் சட்டை இல்லாமல் நிற்பதுபோல. ஆனால் ஒரு துண்டின் ஒரு காலைப் பொழுதைப் பின்தொடர்ந்து பாருங்கள். முகத்து வியர்வையைத் துடைக்கிறது, மூக்கையும் சேர்த்து. கோழி வெட்டிய பலகையை ஒரு இழுப்பு இழுக்கிறது. சூடான குண்டானை இறக்கப் பிடிதுணியாகிறது. கழுவிய கையைத் துடைக்கிறது. கடைசியில் பந்திக்குப் போகும் தாம்பாளத்தின் விளிம்பைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறது. கை கழுவியதன் பலன் முழுவதையும் அந்த ஈரத் துண்டு திருப்பி எடுத்துக்கொள்கிறது. விதியில் இதுதான் மிகக் கடுமையான மாற்றம், இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

துண்டு செய்த வேலைகள் நிற்காது, அவற்றுக்குத் தனித்தனி ஏற்பாடு வேண்டும். வியர்வைக்கு நெற்றிப் பட்டையும், அடுப்படியில் காகிதச் சுருளும். விறகடுப்பில் நிற்பவருக்கு மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, கை கழுவி வர அனுமதி உண்டு. பாத்திரம் பிடிக்கத் தடித்த சாக்குத் துணி, அடுப்பு ஒன்றுக்கு இரண்டு, கொக்கியில் தொங்கும். ஈரத் துணியால் சூட்டுப் பாத்திரம் பிடித்தால் ஆவி கையைச் சுடும் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே இது உங்களுக்கும் லாபம். பலகை துடைக்கும் துணி சிவப்பு, தாம்பாளம் துடைக்கும் துணி வெள்ளை. இரண்டும் பந்திக்குப் பந்தி மாற வேண்டும். அக்காக்கள் முந்தானையில் கை துடைப்பதும் இதே கணக்குத்தான். முந்தானையைச் செருகி, மேலே ஏப்ரன் கட்டிவிட்டால் கை தானாக அங்கே போகாது.

கோளாறு: துவைத்தும் சீருடை நாறுகிறது, கறை சிவப்பாகிறது

துவைத்ததும் மஞ்சள் கறை சிவந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் நன்றாகக் காயப் போட்டால் நாளடைவில் வெளுக்கும். நாற்றம்தான் கவனிக்க வேண்டியது. இரவு கழற்றிய சட்டையைப் பையில் சுருட்டி வைத்து மறுநாள் மாலை துவைத்தால் எண்ணெயும் வியர்வையும் உள்ளே புளித்துவிடும். ஆளுக்கு மூன்று செட் தருகிறோம். ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். துவைப்பது நம் கூடத்திலேயே, வீட்டில் இல்லை. 60 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறி, அன்றைக்கே கொடியில் ஏற வேண்டும். வீட்டுத் துணியோடு கலந்து துவைத்தால் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் அழுக்கு போய் வரும்.

வெளிர் நிறப் பருத்திச் சட்டைதான். வெளிர் நிறம், அழுக்கு ஒளியாமல் இருக்க. பருத்தி, தீ பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பதால். அரைக்கை, கழுவும்போது முழங்கை வரை தடையில்லாமல் இருக்க. மார்பில் பை கிடையாது, ஏனென்றால் குனிந்தால் அதிலிருப்பது அண்டாவில் விழும். பச்சைக் கறி வெட்டியவர் அதே ஏப்ரனோடு பணியாரச் சட்டி பக்கம் வரக் கூடாது. வெட்டும் இடத்தில் சிவப்பு ரப்பர் ஏப்ரன் தொங்குகிறது, அதை அங்கேயே கழற்றிவிட்டு வர வேண்டும்.

கோளாறு: முடி, வளையல் துண்டு, நூல் இலையில்

முடிக்குத் தொப்பி, காதையும் பின்னங்கழுத்து முடியையும் மூட வேண்டும். நெற்றியில் மட்டும் உட்காரும் காகிதத் தொப்பி அலங்காரம். பூ வைத்து வரும் அக்காக்கள் தொப்பிக்கு முன்பே எடுத்துப் பையில் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள் போகட்டும். அதைக் கழற்றச் சொல்லவில்லை.

மணிக்கட்டுக் கயிறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் கட்டி வந்த கயிறை அறுக்கச் சொல்வது முறையில்லை என்று சிலர் சொன்னார்கள், நியாயம்தான். ஆனால் பல மாதம் நனைந்து காய்ந்த நூல் கைக்கு நடுவில் இருந்தால், அதன் அடியில் சோப்புப் போகாது. அவிழ்த்துப் புஜத்தில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது அரைஞாணோடு சேர்த்துவிடுங்கள். மோதிரமும் அப்படித்தான், அதன் அடியில் அரைத்த மாவு எப்போதும் இருக்கும். கழற்றவே முடியாத மோதிரம் உள்ளவர் கையுறையோடு வேலை செய்யலாம், ஆனால் இறக்கிய பண்டத்தில் கை வைக்கும் வேலைக்கு வர வேண்டாம்.

கோளாறு: கையுறை போட்டும் பயனில்லை

கையுறை போட்டவர் கழுவுவதை நிறுத்திவிடுகிறார், அதுதான் காரணம். கோழியைத் தொட்ட கையுறை கோழியைத் தொட்ட கையேதான். கழுவிய கையில் போட வேண்டும், ஒரு வேலை முடிந்ததும் கழற்றி எறிந்து மறுபடி கழுவ வேண்டும். கிழிந்தாலும் அப்படியே. அடுப்புக்குப் பக்கத்தில் போடவே வேண்டாம், உருகும். கையுறை தேவைப்படுவது பண்டம் அடுக்கும் இடத்திலும், மூடிய காயமோ கழற்ற முடியாத மோதிரமோ உள்ளவர்களுக்கும் மட்டும்.

கோளாறு: கழுவிக் கழுவிக் கை வெடிக்கிறது, எரிகிறது

இதைச் சொல்லாமல் மறைத்தால் விதி முழுதும் வீணாகும். வெடித்த தோலில் கிருமி தங்கும். வலிக்குப் பயந்து ஆள் கழுவுவதை விட்டுவிடுவார். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கை கழுவுவதும், தேய்த்துத் துடைப்பதும்தான் பெரும்பாலும் காரணம். கைக்கான மென்மையான திரவ சோப்பு, ஒற்றித் துடைத்தல், இரவு படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் என்றால் ஒரு வாரத்தில் தெரியும். பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு நீளக் கையுள்ள ரப்பர் உறை தனியாகத் தரப்படும்.

மிளகாய் அரைத்த எரிச்சல் வேறு. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். அதற்கு முன் முகத்தில் கை வைக்காதீர்கள்.

வெட்டுக் காயத்துக்கு நீர் புகாத நீல நிறப் பிளாஸ்திரி, மேலே கையுறை. நீலம் ஏனென்றால் அந்த நிறத்தில் எந்தச் சமையலும் கிடையாது, விழுந்தால் கண்ணில் படும். சீழ் வைத்துவிட்டால் பிளாஸ்திரி போதாது. புண் ஆறும் வரை அவர் சரக்கு எடுப்பது, மூட்டை இறக்குவது போன்ற வேலைக்குப் போகலாம்.

கோளாறு: வயிறு சரியில்லாதவர் சொல்லாமல் வேலைக்கு வருகிறார்

சொன்னால் கூலி போகும் என்பதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. ஆகவே வாந்தியோ பேதியோ நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையற்கட்டுக்கு வர வேண்டாம், அந்த நாட்களுக்குக் கூலி உண்டு. பேதி நின்ற பின்னும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இந்த இரண்டு நாள். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை என்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே திரும்ப வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனையும் குடல் நோய்களுக்கான தடுப்பூசியும் நாம் புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிம விதிகளின் நான்காவது அட்டவணையிலேயே இருக்கின்றன. செலவு கூடத்தைச் சேர்ந்தது.

நாள்கூலி ஆட்களை அழைத்து வரும் மேஸ்திரி, வேனில் ஏற்றும் முன்பே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: நேற்றோ இன்றோ வயிறு போனதா, கையில் புண் உண்டா. "ஆம்" என்றவருக்கும் அன்றைய கூலி உண்டு. அவர் பந்தல் வேலையைப் பார்ப்பார். மீதிப் பேருக்கு உதிரிச் சீருடை வண்டியின் நீலப் பெட்டியில் நடுத்தர அளவில் 6, பெரிய அளவில் 4 இருக்கும். பற்றவில்லை என்றால் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள்.